குறுவாசிப்பா, நெடுவாசிப்பா? மண்ணிலும் நீரிலும் வாழும், ஆய்வகத்தில் வளர்க்க முடியாத நுண்ணுயிரின் ஜீனோமை எடுக்க எது பொருந்தும்

2015 வரை நைட்ரோஸ்பைரா என்றால் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அமோனியாவை நைட்ரைட்டாக்குவது வேறு பாக்டீரியாக்களின் வேலை, அது முடிந்த பிறகே நைட்ரோஸ்பைராவின் முறை வரும் என்பது அன்றைய பாடம். அந்த ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: சில நைட்ரோஸ்பைரா ஜீனோமுக்குள் இரண்டு வேலைக்கும் வேண்டிய மரபணுக்களும் சேர்ந்தே இருக்கின்றன. அப்போது எவர் கையிலும் தனி வளர்ப்பு இல்லை. கலவையான ஒரு கூட்டத்தின் டிஎன்ஏவை வரிசைப்படுத்தி, துண்டுகளை ஒட்டி, எந்தத் துண்டு எந்த உயிரினத்தினுடையது என்று பிரித்த பிறகே இது தெரிந்தது.

இப்படிக் கலவையான கூட்டத்தின் டிஎன்ஏவை மொத்தமாகப் படிக்கும் மெட்டாஜீனோமிக்ஸில் கேட்கத்தக்க கேள்வி பெரும்பாலும் இதே வடிவில்தான் வரும்: இந்த மரபணு யாருடையது, அந்த இன்னொரு மரபணுவும் அதே செல்லுக்குள் இருக்கிறதா? மாதிரியில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால், எல்லா பாக்டீரியாவிலும் இருந்து இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பெருக்கி வரிசைப்படுத்துவதே மலிவானது, விரைவானது. நைட்ரோஸ்பைரா விஷயத்தில் அது கைகொடுக்காது. இரண்டு வேலையும் செய்யும் வகைகள், நைட்ரைட்டை மட்டும் உண்ணும் உறவினரோடு ஒரே கிளையில் கலந்து கிடப்பதால் 16எஸ் வரிசையை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. முழு ஜீனோம் வேண்டும்.

அதற்கு இன்று மூன்று வழிகள் உண்டு. இல்லுமினா போன்ற கருவிகள் 150 எழுத்துத் துண்டுகளைக் கோடிக்கணக்கில் தரும். இதைக் குறுவாசிப்பு என்போம். நானோபோர் கருவி டிஎன்ஏவை நுண்ணிய துளை வழியே செலுத்தி ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே இழையாக வாசிக்கும். பேக்பயோவின் ஹைஃபை முறையும் நெடுவாசிப்பே. 15,000 முதல் 20,000 எழுத்து வரையுள்ள துண்டை வட்டமாக்கித் திரும்பத் திரும்ப வாசிப்பதால் பிழை மிகக் குறைவு. இவற்றில் எதைத் தேர்வது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். ஒப்பீடு கைக்கு எட்டும்படி இருக்க, மண்ணில் ஒரு நைட்ரோஸ்பைராவைத் தேடுவதாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

## முதலில் கணக்கு

கருவியைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

```
தேவையான மொத்த எழுத்துகள் = ஆழம் × ஜீனோம் நீளம் ÷ டிஎன்ஏவில் பங்கு
```

நாம் தேடும் நைட்ரோஸ்பைராவின் ஜீனோம் 40 லட்சம் எழுத்து, மாதிரியின் மொத்த டிஎன்ஏவில் அதன் பங்கு 0.2 விழுக்காடு என்று கொள்வோம். மண்ணில் இதுவே தாராளமான பங்கு. 20 ஜிகாபேஸ், அதாவது 2,000 கோடி எழுத்து வரிசைப்படுத்தினால், அதில் 4 கோடி எழுத்து நம் ஆளுடையது. ஜீனோமின் ஒவ்வொரு இடமும் சராசரியாக 10 முறை வாசிக்கப்பட்டிருக்கும். 100 ஜிகாபேஸ் எடுத்தால் ஆழம் 50 மடங்காகும். பங்கு 0.02 விழுக்காடாக இருந்தால், 100 ஜிகாபேஸிலும் 5 மடங்குதான் கிடைக்கும். எந்தக் கருவியானாலும் அதில் உருப்படியான ஜீனோம் வராது.

பங்கை முன்கூட்டியே எப்படி அறிவது? பலர் 16எஸ் முடிவில் வந்த விழுக்காட்டை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அது தவறான திசையில் இழுக்கும். வேகமாக வளரும் பாக்டீரியாவில் 16எஸ் மரபணு ஏழு, பத்துப் பிரதிகள்கூட இருக்கும், ஈ.கோலையில் ஏழு. மெதுவாக வளரும் மண்வாசிகளிடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். ஆகவே நமக்கு வேண்டியவர்களின் பங்கை 16எஸ் குறைத்துக் காட்டும். சிறந்த வழி, முதலில் 3 முதல் 5 ஜிகாபேஸ் வரை குறுவாசிப்பு எடுத்துப் பார்ப்பது. அந்தச் சிறு தரவை நான்பேரில் என்ற நிரலுக்குக் கொடுத்தால், ஒரே வரிசை எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதை வைத்து, இந்தச் சமூகத்தில் எவ்வளவைப் பார்த்திருக்கிறோம், 95 விழுக்காட்டைப் பார்க்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிட்டுத் தரும். இணை வாசிப்பில் ஒரு பக்கக் கோப்பு மட்டும் போதும்.

```
nonpareil -s S1_R1.fq -T kmer -f fastq -b S1
```

மண்ணுக்கு இந்த வளைகோடு பெரும்பாலும் மனத்தைத் தளர்த்தும். நூற்றுக்கணக்கான ஜிகாபேஸ் கேட்கும். ஆனால் சமூகம் முழுவதையும் பார்ப்பது நம் நோக்கமில்லை. அதே சிறு தரவில் அமோனியாவை ஆக்சிகரணிக்கும் நொதியின் நைட்ரோஸ்பைரா வகை `amoA` மரபணுவுக்குப் பொருந்தும் வாசிப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். அதை, ஏறத்தாழ எல்லா பாக்டீரியாவிலும் ஒரே பிரதியாக இருக்கும் `rpoB` போன்ற மரபணுவின் வாசிப்புகளோடு, இரண்டு மரபணுக்களின் நீளத்தையும் கணக்கில் எடுத்து, ஒப்பிடுங்கள். நம் ஆளின் பங்கு ஏறத்தாழத் தெரிந்துவிடும். மாதிரிகள் பல இருந்தால், அந்தப் பங்கு மிக அதிகமாக உள்ள மாதிரியில்தான் பெருஞ்செலவைப் போட வேண்டும்.

## குறுவாசிப்பு எங்கே உடைகிறது

குறுவாசிப்பின் பலம் நேரானது. ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே பிழை. டிஎன்ஏவைக் கருவியில் ஏற்றத் தயாராக்கும் லைப்ரரி முறைகள் சிலவற்றுக்கு ஒரு நானோகிராம்கூடப் போதும். டிஎன்ஏ துண்டுதுண்டாக உடைந்திருந்தாலும் கவலையில்லை. எத்தனை மாதிரியானாலும் தாங்கும். மரபணுக்களின் பட்டியலும், மாதிரிக்கு மாதிரி அவற்றின் ஏற்ற இறக்கமும்தான் வேண்டுமென்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

சிக்கல் ஒட்டும்போது வருகிறது. மண்ணில் நம் நைட்ரோஸ்பைரா ஒரே ஆளாக இருப்பதில்லை. அதே இனத்தின் நெருங்கிய திரிபுகள் மூன்று நான்கு கூடவே வாழும். இரண்டு திரிபுகள் 99 விழுக்காடு ஒத்திருக்கின்றன என்றால், சராசரியாக 100 எழுத்துக்கு ஒரு வேறுபாடு. 150 எழுத்து வாசிப்பு அவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் பார்க்கும். இந்த வேறுபாடும் 600 எழுத்து தள்ளியுள்ள அந்த வேறுபாடும் ஒரே திரிபைச் சேர்ந்தவையா என்று சொல்ல அதனிடம் சான்று இல்லை. ஒட்டும் நிரல் அந்த இடத்தில் இரண்டு பாதைகளைக் காண்கிறது, எதைத் தொடர்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. அங்கே ஒட்டுத்துண்டு, அதாவது காண்டிக், அறுபடும். மேலே போட்ட 20 ஜிகாபேஸ் கணக்கில் கிடைத்த 10 மடங்கு ஆழமும் மூன்று திரிபுகளுக்குப் பங்கிடப்பட்டு ஆளுக்கு மூன்றரைக்கும் குறைவாகிவிடுகிறது.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்த்தால் வலிக்கும். அமோனியா நொதியின் மூன்று மரபணுக்களும் அடுத்தடுத்து ஏறத்தாழ 3,000 எழுத்துக்குள் அமைந்திருக்கும். மண்ணின் குறுவாசிப்பில் கிடைப்பது பலமுறை சரியாக அந்த 3,000 எழுத்துக் காண்டிக் மட்டும்தான். அதன் இரு ஓரத்திலும் வேறு எதுவும் இல்லை. நொதியின் வரிசையைப் பார்த்து இது நைட்ரோஸ்பைரா வகையுடையது என்று ஊகிக்கலாம். ஆனால் எந்த ஜீனோமோடும் சேர்க்க வழியில்லை. காண்டிக்குகளை ஜீனோம்வாரியாகப் பிரித்து வைக்கும் பின்னிங்கில் மெட்டாபேட் 2 நிரல் இயல்பாக 2,500 எழுத்துக்குக் குறைந்தவற்றைத் தொடாது. 3,000 எழுத்து அந்த எல்லையைத் தாண்டினாலும், நான்கெழுத்துச் சேர்க்கைகளின் விகிதத்தை நம்பிப் பிரிக்க அது போதுமான நீளமில்லை. கேள்வி எதுவோ அதுவே விடையில்லாமல் நிற்கிறது.

16எஸ் மரபணுவுக்கும் இதே கதி. 16எஸ், 23எஸ், 5எஸ் மூன்றும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 5,000 எழுத்து. வெவ்வேறு இனங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் குறுவாசிப்பு அங்கே எல்லாரையும் ஒன்றாக்கிக் குழம்பும். அதனால்தான் குறுவாசிப்பில் கிடைத்த ஜீனோம்களில் பெரும்பாலானவற்றில் 16எஸ் இருக்காது. 2017-ல் வகுக்கப்பட்ட மிமேக் தர அளவுகோல் உயர்தர ஜீனோமுக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் முழுமை, 5 விழுக்காட்டுக்குக் கீழ் கலப்பு, இந்த மூன்று மரபணுக்கள், குறைந்தது 18 டிஆர்என்ஏ ஆகியவற்றைக் கேட்கிறது. முழுமையும் தூய்மையும் நன்றாக இருந்தும் இந்த மூன்று இல்லாததால் கீழே தள்ளப்படும் ஜீனோம்கள் ஏராளம்.

உங்கள் தரவில் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மூல வாசிப்புகளைக் காண்டிக்குகளின் மேல் திரும்பப் பொருத்திப் பாருங்கள். பாதிகூடப் பொருந்தவில்லை என்றால், சமூகத்தின் பெரும்பகுதி ஒட்டப்படாமலே வெளியே கிடக்கிறது. மண்ணில் இது சாதாரணமாக நடக்கும். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது: ஆழம் போதவில்லையே என்று பல மாதிரிகளின் தரவைக் கொட்டி ஒன்றாக ஒட்டுவது. அரிதான இனங்களுக்கு அது உதவும். ஆனால் ஒவ்வொரு மாதிரியும் தன் திரிபுகளைக் கூடவே கொண்டுவருவதால், நன்றாக வந்துகொண்டிருந்த ஜீனோம்களும் இன்னும் நொறுங்கிப்போவது உண்டு. தனித்தனியாக ஒட்டியும், சேர்த்து ஒட்டியும் பார்த்து, கடைசியில் ஒரே இனத்தின் நகல்களில் சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

## நெடுவாசிப்பு கேட்கும் விலை

10,000 எழுத்து வாசிப்பு ஒன்று, 99 விழுக்காடு ஒத்த திரிபுகளுக்கு இடையில் 100 வேறுபாடுகளை ஒரே இழையில் பார்க்கும். 16எஸ் பகுதியைக் கடந்து இருபுறமும் கால் ஊன்றும். அமோனியா நொதியின் 3,000 எழுத்தும் அதன் அண்டை மரபணுக்களும் ஒரே வாசிப்பில் வந்துவிடும். டென்மார்க்கில் மண், வண்டல் மாதிரிகள் 154-ஐ மாதிரிக்கு ஏறத்தாழ 100 ஜிகாபேஸ் நானோபோரில் வரிசைப்படுத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. அதில் மட்டும் அதுவரை அறியப்படாத 15,314 இனங்களின் ஜீனோம்கள் கிடைத்தன. மண் என்றாலே ஜீனோம் எடுக்க முடியாது என்று ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது.

இதற்கான விலையைப் பிரித்தெடுப்பு மேசையில் கொடுக்க வேண்டும். மண்ணில் உள்ள செல்களை உடைக்க 0.1 மில்லிமீட்டர் மணிகளோடு குலுக்குவதே வழக்கம். குலுக்கக் குலுக்க டிஎன்ஏவும் நறுங்கும். மணி இல்லாமல், சோப்புப் பொருளும் புரதம் கரைக்கும் நொதியும் சேர்த்து மெதுவாக உடைத்தால் 50,000 எழுத்துக்கு மேலும் நீளமான இழைகள் கிடைக்கும். ஆனால் தடித்த சுவருள்ள ஆக்டினோபாக்டீரியாவும் வித்துகளும் அப்படி உடையாமல் வண்டலோடு போய்விடும். நீளம் கிடைக்கும், சமூகம் சாய்ந்துவிடும்.

இங்கே எங்கள் பரிந்துரை தெளிவானது: மண்ணில் மணிக் குலுக்கலை விட வேண்டாம், அளவைக் குறையுங்கள். மிக நீண்ட இழைகள் இதற்குத் தேவையில்லை. தாண்ட வேண்டிய மிகப் பெரிய பொதுத் தடை அந்த 5,000 எழுத்துப் பகுதிதான். 7,000 முதல் 10,000 எழுத்து வரை சராசரி கிடைத்தாலே வேலை பெரும்பாலும் நடக்கும். ஒரே மண்ணில் 10, 20, 40 விநாடி என்று மூன்று குலுக்கல் செய்து, ஒவ்வொன்றின் விளைச்சலையும் துண்டு நீளத்தையும் அளந்து பாருங்கள். விளைச்சல் அதற்கு மேல் அதிகம் ஏறாமல் நீளம் மட்டும் சரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு காந்த மணிகளைக் குறைந்த விகிதத்தில் சேர்த்துக் குட்டித் துண்டுகளை நீக்குங்கள். இதைத் தவிர்த்தால் குட்டித் துண்டுகள் துளைகளை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். வாசிப்பு எண்ணிக்கை மட்டும் பெருகி நீளம் சுருங்கும்.

இரண்டாவது எதிரி, மண்ணின் மட்கிலிருந்து டிஎன்ஏவோடு கூடவே வரும் ஹ்யூமிக் அமிலம். கரைசல் இளம் தேநீர் நிறத்தில் இருந்தால் அது இருக்கிறது. ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 260, 230 நானோமீட்டர் ஒளிக்கான 260/230 விகிதம் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 1.5-க்குக் கீழே போனால் மேற்கொண்டு நகராதீர்கள். ஹ்யூமிக் பொருள் 260-லும் ஒளியை உறிஞ்சுவதால் அந்தக் கருவி டிஎன்ஏ அளவையும் உயர்த்திச் சொல்லும். டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் குபிட் போன்ற முறையின் எண்ணையே நம்புங்கள். இரண்டு எண்களுக்கும் இடையில் இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு இருந்தால் அதுவே எச்சரிக்கை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்துப்போகச் செய்து, இரண்டையும், டிஎன்ஏவைச் சுற்றுக்குச் சுற்று இரட்டித்து அளக்கும் கியூபிசிஆரில் ஓட்டுங்கள். தடை இல்லாவிட்டால் நீர்த்தது ஏறத்தாழ 3.3 சுற்று தாமதமாக வர வேண்டும். 1 சுற்றோ 2 சுற்றோ மட்டும் தாமதித்தால், நீர்க்காத கரைசலில் நொதி திணறுகிறது என்று பொருள்.

அசுத்தமான டிஎன்ஏவை நானோபோரில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பது திரையிலேயே தெரியும். தொடக்கத்தில் வேலை செய்த துளைகளின் எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே மளமளவென்று சரியும். நொதி கொண்டு கழுவி, லைப்ரரியைத் திரும்ப ஏற்றினால் ஓரளவு மீளும். ஆகவே லைப்ரரியை ஒரேயடியாக ஊற்றிவிடாமல், இரண்டு மூன்று ஏற்றத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

## நானோபோரா, ஹைஃபையா

இந்த இரண்டுக்கும் இடையிலான முடிவு திரிபுகளைப் பொறுத்தது. இன்றைய நானோபோர் வாசிப்பில் 100 எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை எதிர்பார்க்கலாம். 10,000 எழுத்து வாசிப்பில் 100 பிழை. 99 விழுக்காடு ஒத்த திரிபுகளுக்கு இடையிலான வேறுபாடும் 100 தான். ஒரு தனி வாசிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், பிழை எது, உண்மை வேறுபாடு எது என்று பிரிக்க இயலாது. பல வாசிப்புகளை அடுக்கினால் பிழைகள் ஆளுக்கொரு இடத்தில் விழும், உண்மை வேறுபாடு ஒரே இடத்தில் திரும்ப வரும். ஆனால் அதற்கு ஒவ்வொரு திரிபுக்கும் நல்ல ஆழம் வேண்டும். ஆழம் இல்லாதபோது நிரல் திரிபுகளை ஒன்றாக மசித்து, யாருக்கும் முழுமையாகச் சொந்தமில்லாத ஒரு சராசரி ஜீனோமைத் தரும். ஹைஃபையில் அதே 10,000 எழுத்தில் 10 பிழைகூட வராது. 100 வேறுபாடு அதில் பளிச்சென்று தெரியும்.

ஆகவே நெருங்கிய திரிபுகளைத் தனித்தனியே பிரிப்பதுதான் உங்கள் நோக்கமென்றால் ஹைஃபை. ஓர் இனத்துக்கு ஒரு நல்ல பிரதிநிதி ஜீனோம் போதும், அரிதானவர்களையும் எட்ட வேண்டும், அதற்கு மொத்த அளவு பெருக வேண்டும் என்றால் நானோபோர். 2022-ல் வந்த ஒப்பீட்டு ஆய்வு, அன்று புதிதாக இருந்த ஆர்10.4 வகைத் துளையில் ஏறத்தாழ 40 மடங்கு ஆழம் கிடைத்தால் குறுவாசிப்பால் திருத்தாமலே ஏறக்குறைய முழுமையான பாக்டீரியா ஜீனோம் வரும் என்று காட்டியது. நம் கணக்கில் 100 ஜிகாபேஸுக்கு 50 மடங்கு வருகிறது. நைட்ரோஸ்பைரா அந்த எல்லைக்குள் இருக்கிறது.

நானோபோர் பிழைகளில் கவனிக்க வேண்டியது ஒரே எழுத்து நீளமாகத் தொடரும் இடம். அங்கே ஓர் எழுத்து விடுபட்டால் மரபணுவின் வாசிப்புச் சட்டம் நழுவி, புரதம் பாதியிலேயே முடியும். கண்டுபிடிக்க, கிடைத்த ஒவ்வொரு புரதத்தின் நீளத்தையும், தரவுத்தளத்தில் அதற்கு மிக நெருங்கிய புரதத்தின் நீளத்தால் வகுத்து ஒரு வரைபடம் போடுங்கள். பெரும்பாலானவை 1-ஐச் சுற்றி குவிந்திருந்தால் நல்லது. 0.5 பக்கம் ஒரு மேடு தெரிந்தால் மரபணுக்கள் உடைந்திருக்கின்றன, திருத்தம் தேவை. முற்றிலும் புதிய கிளைகளில், நெருங்கிய உறவினரே இல்லாததால் இந்தச் சோதனை கொஞ்சம் தளரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

## கலந்து செய்வதே பெரும்பாலும் சரி

மண்ணுக்கு நாங்கள் முன்வைக்கும் திட்டம் இது. ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழத்திலோ ஈரத்திலோ பத்து மாதிரிகள் எடுத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். பத்துக்கும் தலா 10 ஜிகாபேஸ் குறுவாசிப்பு. அவற்றில் அமோனியா மரபணு மிகுந்த ஒன்றுக்கு மட்டும் 100 ஜிகாபேஸ் நெடுவாசிப்பு. நெடுவாசிப்பு காண்டிக்குகளைத் தரும். குறுவாசிப்பு அவற்றைப் பிரிக்கும்.

பிரிக்கும் தத்துவம் எளியது. ஒரே ஜீனோமைச் சேர்ந்த காண்டிக்குகள் பத்து மாதிரிகளிலும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும். ஒரு காண்டிக் மேல்மண்ணில் மிகுந்து, மற்றொன்று ஆழ்மண்ணில் மிகுந்தால் இரண்டும் ஒரே செல்லில் இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே மாதிரியின் மூன்று நகல்கள் இதற்குப் பயன்படா. மாதிரிகளுக்குள் உண்மையான ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும்.

```
flye --nano-hq reads.fastq.gz --meta -t 32 -o asm
minimap2 -ax sr -t 16 asm/assembly.fasta S1_R1.fq.gz S1_R2.fq.gz | samtools sort -o S1.bam
jgi_summarize_bam_contig_depths --outputDepth depth.txt *.bam
metabat2 -i asm/assembly.fasta -a depth.txt -m 2500 -o bins/bin
```

இரண்டாவது வரியைப் பத்து மாதிரிகளுக்கும் ஓட்ட வேண்டும். ஹைஃபை தரவாக இருந்தால் முதல் வரியில் ஒட்டும் நிரலான ஃபிளைக்குப் பதில் ஹைஃபியாஸ்ம்-மெட்டாவோ மெட்டாஎம்டிபிஜியோ பொருத்தம். குறுவாசிப்பில் மாதிரிகளைக் கலந்து ஓட்டும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் இரு முனையிலும் தனித்த குறியீடு போடுங்கள். ஒரு முனைக் குறியீடு மட்டும் தனித்ததாக இருந்தால் வாசிப்புகள் மாதிரி விட்டு மாதிரி தாவி, ஏற்ற இறக்கக் கணக்கையே கெடுக்கும்.

மண்ணுக்கே உரிய இன்னொரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். 2016-ல் வந்த ஓர் ஆய்வின்படி மண்ணில் கிடைக்கும் டிஎன்ஏவில் சராசரியாக 40 விழுக்காடு, செல்லுக்கு வெளியே கிடப்பதோ சிதைந்த செல்லினுடையதோதான். ஜீனோம் கிடைத்தது என்பதாலேயே அந்த உயிரினம் இன்று அங்கே வேலை செய்கிறது என்று எழுதிவிட முடியாது.

## நீர் என்றால் கணக்கு மாறும்

நீரில் சமூகம் பெரும்பாலும் எளிது, ஜீனோமும் சிறிது. பத்து லட்சம் எழுத்து ஜீனோம், பங்கு 0.5 விழுக்காடு என்றால் 20 மடங்கு ஆழத்துக்கு 4 ஜிகாபேஸ் போதும். இங்கே இடர்ப்பாடு டிஎன்ஏவின் அளவில். கடலின் மேற்பரப்பு நீரில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல் என்று கொண்டால் லிட்டருக்கு 100 கோடி. ஒரு செல்லில் ஏறத்தாழ 1.4 ஃபெம்டோகிராம் டிஎன்ஏ இருந்தால், ஒரு சொட்டும் வீணாகாதபோதே லிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம்தான். கைக்கு வருவது அதற்கும் கீழே. நானோபோர் லைப்ரரிக்கு ஒரு மைக்ரோகிராம், ஹைஃபைக்கு சில மைக்ரோகிராம் என்று வைத்தால் 10 லிட்டராவது வடிகட்ட வேண்டும். நிலத்தடி நீரிலும் சுத்திகரித்த நீரிலும் செல்கள் இன்னும் குறைவு. அங்கே நூற்றுக்கணக்கான லிட்டர் வடிகட்ட வழியில்லாவிட்டால் குறுவாசிப்பே நடைமுறை. டிஎன்ஏ போதவில்லை என்று முழு ஜீனோம் பெருக்கலில் இறங்க வேண்டாம். அது சில இடங்களைப் பல மடங்கு ஊதிப் பெருக்கும், தொடர்பில்லாத துண்டுகளை ஒட்டி இல்லாத மரபணு அண்மையை உருவாக்கும். "அதே செல்லில் இருக்கிறதா" என்ற கேள்விக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

ஃபில்டரின் அளவும் ஒரு தேர்வுதான். 3 மைக்ரான் முன்வடிகட்டி பாசிகளையும் புரோட்டிஸ்டுகளையும் நிறுத்தும். அவற்றின் பெரிய ஜீனோம்கள் உங்கள் வாசிப்புகளை விழுங்காமல் இருக்க அது தேவை; ஆனால் துகள்களில் ஒட்டி வாழும் பாக்டீரியாவும் கூடவே நின்றுவிடும். அடுத்து 0.2 மைக்ரான். இதற்குள் எல்லா பாக்டீரியாவும் அகப்படும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற இடத்தின் நிலத்தடி நீரில், 0.2 மைக்ரானைக் கடந்து 0.1 மைக்ரானில் சிக்கியவற்றை வரிசைப்படுத்தியபோது, பாக்டீரியா உலகின் 15 விழுக்காட்டுக்கு மேலாக இருக்கும் ஒரு பெருங்கிளை வெளிப்பட்டது. 2015-ல் அது வெளியானது. நிலத்தடி நீர் என்றால் 0.1 மைக்ரான் ஃபில்டரையும் அடுத்து வையுங்கள். அது விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மூன்று மாற்று கையில் இருக்கட்டும்.

மிகுதியாக இருப்பதாலேயே நீரில் ஒட்டுவது எளிதாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கடல் மேற்பரப்பில் எஸ்ஏஆர்11 என்ற பாக்டீரியாக் கூட்டம் செல்களில் கால்பங்கு வரை இருக்கும், ஜீனோமும் 13 லட்சம் எழுத்துதான். ஆனாலும் குறுவாசிப்பில் அது நொறுங்கித்தான் வரும், காரணம் எண்ணற்ற திரிபுகள். அதைத்தான் தேடுகிறீர்கள் என்றால் 10 லிட்டர் வடிகட்டும் சிரமத்தை ஏற்று ஹைஃபைக்குப் போவது தகும்.

டிஎன்ஏ குறைவான நீர் மாதிரியில், பிரித்தெடுப்புக் கிட்டிலும் வேதிப்பொருளிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா டிஎன்ஏவே முடிவில் கணிசமாகத் தெரியும். வெறும் தூய நீரை அதே ஃபில்டர், அதே கிட் வழியாக அனுப்பிய வெற்று மாதிரியையும் கட்டாயம் வரிசைப்படுத்துங்கள். அளவுக் கருவியில் பூஜ்யம் காட்டியது என்று அதைக் கைவிடக் கூடாது.

## கிடைத்த ஜீனோமை நம்பலாமா

ஜீனோமின் தரத்தை மதிப்பிடும் செக்எம் 2 நிரல் 95 விழுக்காடு முழுமை, 2 விழுக்காடு கலப்பு என்று சொன்னாலும், நம் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்த எண்கள் ஜீனோம் முழுவதற்கும் பொதுவானவை. அமோனியா மரபணு தாங்கிய ஒரு காண்டிக் தவறுதலாக உள்ளே வந்து சேர்ந்திருந்தாலும் அவை அசையாது. ஆகவே அந்தக் காண்டிக்கைத் தனியே எடுத்து விசாரிக்க வேண்டும்.

முதலில் அதன் நீளம். நைட்ரைட் நொதியின் மரபணுவும் அமோனியா மரபணுவும் ஒரே காண்டிக்கில், அது வட்டமாக மூடியும் இருந்தால் மிக வலுவான சான்று. இல்லாவிட்டால் பத்து மாதிரிகளிலும் அந்தக் காண்டிக்கின் ஆழத்தை, அதே பின்னின் மற்ற காண்டிக்குகளோடு வைத்துப் பாருங்கள். மற்றவை 48, 31, 6, 2 என்று இறங்கும்போது இதுவும் 47, 33, 6, 2 என்று வந்தால் சேர்க்கை நம்பத்தக்கது. 90, 31, 40, 2 என்று வந்தால், இன்னொருவரின் மரபணுவும் இதனோடு கலந்திருக்கிறது. பிறகு நெடுவாசிப்புகளை அதன்மேல் பொருத்தி, அமோனியா மரபணுவின் இரு ஓரங்களையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். குறைந்தது ஐந்தாறு வாசிப்புகளாவது மரபணுவைக் கடந்து இரு புறமும் ஆயிரம் எழுத்துக்கு மேல் தொடர வேண்டும். எல்லா வாசிப்புகளும் ஒரே புள்ளியில் வெட்டுண்டு நின்றால் அந்த ஒட்டு பொய். காண்டிக்கை அங்கே இரண்டாக வெட்டிவிட்டு மீண்டும் பின்னிங்குக்கு அனுப்ப வேண்டும்.